நமுத்துப்போன பிஸ்கோத்து

பிஸ்கோத்து என்றால் கடிக்கும்போது ‘மடக்’கென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அது நமுத்துப்போன பிஸ்கோத்து. இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ஐப்பசி மழையில் டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்ட எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே மனுஷி கடல் கடந்து வந்து எனக்கே எஜமானியாக வாய்த்தது என் யோகம்.

பாளையங்கோட்டையில் மிஷன் பங்களா ஒன்றின் குசினியில் நான் அப்போது சமையல்காரன். ‘தலைமைச் சமையல்காரன்’ என்று நானே சொல்லிக்கொள்வேன். எனக்குக் கீழே யாரும் கிடையாது என்பது வேறு விஷயம். மசாலை அரைக்க மட்டும் என் மனைவி காலையில் வருவாள். அம்மியோடு அவள் எல்லை முடிந்தது. ரொட்டி சுடுகிற செங்கல் போறணைப் பக்கம் அவள் தலைவைத்துப் பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். சீமைச் சமையல் படித்தவன் நான். அதிரசம் சுடுகிறவள் அவள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி, பழைய துரையும் துரைசானியும் ஊர் திரும்பிவிட, புதிய துரை வந்தார். அவர் மனைவி அமெரிக்கா தேசத்தில் பிறந்தவர். துரை பாதி மாதம் நாங்குநேரிப் பக்கத்துச் சபைகளைப் பார்க்கப் போய்விடுவார். அம்மாள் வீட்டில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டார்.

வந்த மூன்றாம் நாள் அம்மாள் ஒரு காகிதத்தோடு குசினிக்கு வந்தார். அவர் தமிழை வேதபுத்தகத்திலிருந்து கற்றவர். உப்பு கேட்டால்கூட ஏதோ தீர்க்கதரிசனம் சொல்கிறார் என்று தோன்றும்.

“என் தாயார் செய்த பிஸ்கோத்தை நீர் செய்வீராக. அதில் ஓட்ஸும் உலர்ந்த திராட்சையும் இருக்கும். அதன் ஓரம் உறுதியாகவும், அதன் நடு மிருதுவாகவும் இருக்கக்கடவது.”

“நடுவுல மிருதுவாவா அம்மா?” என்றேன்.

“ஆம். வளைத்தால் வளைய வேண்டும்.”

வளைகிற பிஸ்கோத்து! சரி, கேட்பவர் எஜமானி. தலையை ஆட்டினேன்.

குசினியில் ஓட்ஸ் இரண்டு டப்பாவில் இருந்தது. ஒன்று பழைய துரைசானி விட்டுப்போனது. ஸ்காட்லாந்துக் கஞ்சிக்கு உரியது. தானியத்தைக் கத்தியால் நறுக்கினாற்போல, நொய்யரிசி மாதிரி, கையில் நறநறவென்று இருக்கும். மற்றது புதிய அம்மாள் கொண்டுவந்தது. ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கியது. அவல் மாதிரித் தட்டையாக இருக்கும். அம்மாள் காகிதத்தில் இந்த அவல் ஓட்ஸைத்தான் எழுதியிருந்தார். நான் வாசித்தேன், எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். ஆனால் திறந்த டப்பா கிடக்கப் புது டப்பாவைத் திறப்பானா ஒரு நல்ல சமையல்காரன்? நொய் ஓட்ஸைப் போட்டேன்.

கஞ்சிக்கென்றால் அந்த நொய்யை முக்கால் மணி நேரம் தண்ணீரில் வேகவைப்போம். போறணைக்குள் பிஸ்கோத்து இருப்பதோ பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் அது எங்கே ஈரத்தைக் குடிக்க, எங்கே இளக? மாவு தட்டு முழுக்க வழிந்து பரவியது. மேலே ஓட்ஸ் அப்படியே கல்லாக நின்றது.

அன்று முதலில் தின்றவர் எங்கள் உபதேசியார். சபைக்கு உபதேசம் செய்வது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாளெல்லாம் குசினிக்கு உபதேசம் செய்வார். ஒரு துண்டை வாயில் போட்டார். ‘நறுக்’கென்று சத்தம் கேட்டது.

“என்னவே இது, ஆத்து மணலைச் சலிக்காம போட்டுட்டீரா?” என்று கடைவாயைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாள் நொய் டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் தடவை அவல் ஓட்ஸைத்தான் எடுத்தேன். அம்மாளுக்கு மிருது வேண்டுமல்லவா? என் புத்திசாலித்தனத்தைக் காட்டி, அதை உரலில் இடித்து நைஸாக மாவாக்கிவிட்டேன். அந்த மாவு இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, வெந்து வரும்போது காய்ந்த களி உருண்டையாக வந்தது. மெல்லுவதற்கு அதில் எதுவும் இல்லை. தொண்டையில் அடைப்பதற்கு இருந்தது. உபதேசியார் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

மூன்றாம் தடவை அவலை அவலாகவே போட்டேன். இந்த முறை நான் செய்தது வேறு தப்பு. அதைத் தப்பென்று அப்போது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

காகிதத்தில் பழுப்புச் சர்க்கரை என்று எழுதியிருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது. டவுணில் ரதவீதிக் கடையில் ஓலைப் பெட்டியில் விற்கிறார்களே, கசகசவென்று ஈரத்தோடு கட்டிகட்டியாக, அந்த நாட்டுச் சர்க்கரைதான். அதைக் கம்பவுண்டில் யார் தின்பார்கள்? வண்டிக்காரர், தோட்டக்காரர், நான், என் வீடு. துரை மேஜைக்கு வெள்ளைச் சீனி. வேலைக்காரன் காப்பிக்கு நாட்டுச் சர்க்கரை. பங்களா தோன்றிய நாள் முதல் இதுதான் ஒழுங்கு. அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாளுக்கு நம் ஊர் மரியாதை தெரியாது. தெரிந்த நான் அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? ஒரு கோப்பை நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு கோப்பை வெள்ளைச் சீனியைப் போட்டேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காட்டுகிற மரியாதை என்ன மரியாதை?

காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஓரம் சிவந்து நடு இன்னும் ஈரமாகத் தெரியும்போதே வெளியே எடுக்க வேண்டுமாம். அரைவேக்காட்டைத் தட்டில் வைத்து எஜமானி முன் நீட்டுவதற்கு நான் என்ன நேற்றுக் குசினிக்குள் வந்தவனா? ஏழு நிமிஷம் கூடுதலாக விட்டேன்.

பார்க்க அழகாக வந்தது. மெல்லிசு, பொன்னிறம், ஓரம் முதல் நடு வரை ஒரே சிவப்பு. கடித்தால் ‘மடக்’. உபதேசியார் நாலு தின்றுவிட்டு, “இதுதாம்வே பிஸ்கோத்து” என்று சான்றிதழ் கொடுத்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வரந்தாவுக்குப் போனேன்.

அம்மாள் ஒன்றை எடுத்து வளைத்தார். அது இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டையும் தட்டிலேயே வைத்தார்.

“என் சகோதரி கொழும்பிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறாள். அடுத்த சனிக்கிழமை ஒரு நாள் இங்கே தங்கி, பிறகு தேசத்துக்குத் திரும்பிப் போகிறாள். இனி அவளை நான் எப்பொழுது காண்பேனோ அறியேன். எங்கள் தாயார் மரித்துப்போனார். அந்த மேஜையில் அவர் பிஸ்கோத்து இருக்க வேண்டும் என்று மாத்திரமே உம்மிடம் கேட்டேன். மூன்று தரம் கேட்டேன்.” மேஜை மேலிருந்த ஒரு உறையைத் தொட்டுக் காட்டினார். “சென்னையில் ஒரு பட்லர் இருக்கிறார் என்கிறார்கள். அவருக்கு எழுதிவிட்டேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. சனிக்கிழமைக்குப் பின் தீர்மானிப்பேன்.”

வேலை போனால் கம்பவுண்டு வீடு போகும். மகள் மிஷன் போர்டிங்கில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பங்களா ஆள் மகள் என்றுதான் அங்கே இடம். ஒரு பிஸ்கோத்து வளையவில்லை என்பதற்காக ஒரு குடும்பமே தெருவில் நிற்கப் போகிறது. இதை எந்த ஊரில் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குசினிக்கு வந்து தட்டை ‘டங்’கென்று வைத்தேன். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு பிஸ்கோத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இதுல என்ன இனிப்புப் போட்டிய?”

“சீனி.”

“அந்தம்மா என்ன போடச் சொன்னாக?”

நான் அடுப்பு விறகை உள்ளே தள்ளினேன். அவளுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை.

“சீனி போட்டா ஆறினதும் வெறச்சுப் போகும்லா. நாட்டுச் சர்க்கரையில பாகு இருக்கு. அது ஈரத்தை விடாமப் பிடிச்சு வச்சுக்கிடும். நம்ம அதிரசம் எட்டு நாளானாலும் மெத்துன்னு இருக்கே, எதனால? வெல்லப் பாகுனாலதான்? அதையும் செவக்க விட்டா எடுக்கேன்? சட்டியில இளசா இருக்கயிலயே எடுத்துருதேன். மிச்ச வேக்காட்டைச் சூடே பாத்துக்கிடும்.”

“இது அதிரசம் இல்ல, சீமைப் பலகாரம்” என்றேன்.

“சரி, அப்ப சீமையில போய்க் கேட்டுட்டு வாங்க” என்று மிளகாயை அரைக்கக் குனிந்துவிட்டாள்.

சீமைக்குப் போக நேரமில்லாததால் அவள் சொன்னபடியே செய்வதென்று முடிவெடுத்தேன். அவள் சொன்னதற்காக அல்ல, காகிதத்திலும் அதுவே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். கிஸ்மிஸ் பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் ஒற்றி எடுத்தேன். காய்ந்தபடி போட்டால் மாவின் ஈரத்தை அது குடித்துவிடும். நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்து வெண்ணெயோடு குழைத்தேன். முட்டை, பிறகு மைதா, சோடா உப்பு, துளி உப்பு, கருவாப்பட்டைப் பொடி, கடைசியில் அவல் ஓட்ஸ். மாவைச் சட்டியிலேயே அரைமணி மூடிவைத்தேன். அந்நேரத்தில் ஓட்ஸ் ஈரத்தைக் குடித்துக் கெட்டியாயிற்று, வழிகிற பேச்சே இல்லை. போறணையில் விறகை எரித்து, சாம்பலை வாரி, ஒரு சிட்டிகை மாவை அதன் தரையில் போட்டுப் பார்த்தேன். கருகாமல் நிதானமாகச் சிவந்தது. எலுமிச்சை அளவு உருண்டைகளைத் தட்டில் எட்ட எட்ட வைத்து, லேசாக அமுக்கி, உள்ளே தள்ளினேன்.

பத்து நிமிஷத்தில் எடுத்தபோது ஓரம் பொன்னிறம், நடு வெளுத்து மினுமினுவென்று ஈரமாக இருந்தது. என் ஆயுளில் அவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் போறணையிலிருந்து எடுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை மேடையில் வைத்தேன். சுட்ட தட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்தால் அந்தச் சூட்டில் நடுவும் செட்டாகிவிடும். ஆறுகிற நேரத்தில் கிணற்றடியில் குளித்து வெள்ளைக் கோட்டு மாட்டி வரலாமென்று போனேன். விருந்தாளி வண்டி பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வரும்.

திரும்பி வந்தபோது குசினியில் உபதேசியார் நின்றார். மேடையில் தட்டு இல்லை.

“வாரும்வே. கர்த்தர் என்னை நேரத்துக்கு அனுப்புனாரு” என்றார். “அம்மா பட்லருக்கு எழுதுன கடுதாசி விஷயம் எனக்குத் தெரியும். தட்டைப் பாத்தேன். விரலை வச்சா உள்ள இறங்குது. பயத்துல வேகுமுன்ன எடுத்துட்டீரு. நான் உள்ள தள்ளி நல்லா மூடி வச்சிருக்கேன். கால் மணி ஆச்சு. இனிமே ஒம்ம வேலைக்கு ஒரு கொறையும் வராது.”

போறணையைத் திறந்தேன். அத்தனையும் பழுப்பேறி, விறைத்து, ஒன்றோடொன்று மோதினால் ஓடு மாதிரிச் சத்தம் போட்டது. அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால் அடிக்கவும் கை வராது. என் மேலுள்ள பிரியத்தால் என் சோற்றில் மண்ணைப் போட்ட ஒரே மனிதர் அவர்தான். நானும் இதே போறணையில் இதே காரியத்தைத்தான் போன வாரம் செய்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது வருகிறது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவனானபின் நான் அழுதது அன்றைக்குத்தான்.

மனைவி அம்மியை விட்டு எழுந்து கையைக் கழுவினாள். சட்டியைத் திறந்து பார்த்தாள். மகளுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த மாவு ஒரு கைப்பிடி இருந்தது.

“நாலு வரும்” என்றாள். “போறணை சூடு தணிஞ்சிட்டு. இந்தச் சூட்டுல வச்சா மெதுவா உலந்து காஞ்சு போகும். எந்திரிங்க, கங்கு அள்ளிப் போடுங்க.”

அடுப்பிலிருந்து கங்கை அள்ளிப் போறணைக்குள் இரண்டு பக்கமும் ஒதுக்கினேன். அவள் நாலு உருண்டை பிடித்து வைத்தாள். என் சட்டத்தைப் பற்றி யாரும் நினைவூட்டவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. உபதேசியார் இன்னும் விளங்காமல், “மறுபடியும் எதுக்குவே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எடுங்க.”

“இன்னும் ரெண்டு நிமிஷம்…”

“எடுங்கன்னா எடுங்க. நடுவுல மினுமினுப்பு மங்க ஆரம்பிக்கு பாருங்க. இதுதான் பதம்.”

எடுத்தேன். ஆறவிட்டு, அகப்பைக் காம்பால் நெம்பினால் உடையாமல் தூக்க வந்தது. நாலையும் பெரிய தட்டில் வைத்தேன். அவ்வளவு பெரிய தட்டில் நாலு பிஸ்கோத்து இருப்பது பஞ்ச காலம் மாதிரித் தெரிந்தது.

வரந்தாவில் இரண்டு அம்மாமாரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு நான் தூணோரம் நின்றேன். பின்வாசல் நிலையருகே மனைவி வெந்நீர்க் கெண்டியோடு நின்றாள். துரைசானி அம்மாள் ஒன்றை எடுத்து வளைத்தார். வளைந்தது. பிய்த்துத் தமக்கை கையில் பாதி கொடுத்தார். சத்தமே இல்லாமல் இருவரும் மென்றார்கள். தமக்கை இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது ‘அம்மா’ என்ற வார்த்தை. பிறகு இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்படி ஒரு நமுத்துப்போன வஸ்துவுக்கு அழுவார்களா என்று நான் கேலி செய்திருப்பேன், எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு நிற்காமல் இருந்திருந்தால்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் என்னைப் பார்த்தார். “சரியான வேளையில் எடுக்க வேண்டும் என்று உமக்கு யார் கற்பித்தது?”

நிலையருகே கெண்டியின் மூடி லேசாக ஆடியது.

“யாருமில்ல அம்மா. எல்லாம் என் அனுபவந்தான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்தக் கணத்தில் எனக்குப் பயமே இல்லை. தலைமைச் சமையல்காரன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அம்மாள் உறையை எடுத்து நாலாகக் கிழித்தார். “இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இதையே செய்வீராக” என்றார்.

குசினிக்குத் திரும்பினேன். மனைவி தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அனுபவமா?” என்று ஒரு தடவை கேட்டாள். உபதேசியார் தாம் சுட்ட ஓட்டுத் துண்டுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு, அம்மாள் அழுதது தம் பிஸ்கோத்தால்தான் என்று கம்பவுண்டு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். ஆக அன்றைக்கு அவளுடைய பேரை இரண்டு ஆம்பளைகள் பங்கு போட்டுக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. அதே அவல், அதே சர்க்கரை, அதே அரைமணி. போறணையைத் திறந்து பார்த்தேன். நடு மினுமினுத்தது. மினுமினுப்பு மங்குகிறதா, மங்கவில்லையா? புகையிலும் வெக்கையிலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூடினேன். திறந்தேன். பின்னால் அம்மி ஓடிக்கொண்டிருந்தது.

“எடுக்கலாமா?” என்றேன், சுவரைப் பார்த்துக் கேட்பதுபோல.

“ஒங்க அனுபவத்தைக் கேளுங்க” என்றாள், தலை நிமிராமல்.

அனுபவம் இன்னும் மூன்று நிமிஷம் ஆகட்டும் என்றது. அதற்குப் பிறகும் நல்லதுக்கு இரண்டு நிமிஷம் விடச் சொன்னது.

வரந்தாவில் அம்மாள் கடித்தபோது ‘மடக்’கென்ற சத்தம் தூணோரம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வாழ்நாள் முழுவதும் எந்தச் சத்தத்துக்காகப் பெருமைப்பட்டேனோ அதே சத்தம். அம்மாள் துண்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன நேர்ந்தது?”

“அம்மா, போன வாரம் நான் சொன்னது பொய். பதம் பாத்து எடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரி. இந்த வாரம் அவ சொல்லல” என்றேன். பங்களாவின் மறுகோடி வரை கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் சொன்னேன்.

குசினியில் அம்மி ஓடுகிற சத்தம் நின்றது.